மேஸ்திரியின் கையெழுத்து

கோயம்புத்தூர்ப் பக்கத்து நூற்பாலை ஒன்றைக் கலைத்த வழக்கில் தொழிலாளர் தரப்புக்கு நான் வக்கீல். சென்னை உயர் நீதிமன்றத்தில், கம்பெனி வழக்குகளை விசாரிக்கும் நீதிபதியின் முன் நடந்தது. மில் 1994இல் நின்றது. நீதிமன்றம் அதைக் கலைக்க உத்தரவிட்டது 1998இல். தொழிலாளர் கைக்குக் காசோலை வந்தது 2004இல். அந்தப் பத்து வருடங்களில் நான் வாதாடியதில் பெரும்பகுதி மறந்துவிட்டது. ஸ்பின்னிங் பகுதி மேஸ்திரி ஒருவர் என் அறையில் உட்கார்ந்து ஒரு பிரமாணப் பத்திரத்தில் நிதானமாகப் போட்ட கையெழுத்து மட்டும் மறக்கவில்லை.

மூழ்கிப்போன நிறுவனத்தைக் கலைக்கும்போது வெளியே இருப்பவர்களுக்கு ஒரு காட்சி தோன்றும்: இருப்பதை விற்கிறார்கள், கடன் கொடுத்தவர்கள் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். நடப்பது வேறு. சட்டம் எல்லோரையும் ஒரு படிக்கட்டில் நிறுத்துகிறது. மேல்படியில் நிற்பவருக்கு முழுசாகக் கொடுத்த பிறகுதான் அடுத்த படிக்கு ஒரு ரூபாய் இறங்கும். ஒரே படியில் பலர் நின்று பணம் போதாமல் போனால், அவரவர் பாக்கியின் அளவுக்கேற்ப ஒரே விகிதத்தில் குறையும். இதை வக்கீல்கள் ‘பரி பாசு’ என்பார்கள். சரிசமம் என்று பொருள். மூழ்கின நிறுவனத்தில் பணம் பெரும்பாலும் முதல் இரண்டு படிகளைத் தாண்டுவதில்லை. அதனால் உங்களுக்கு எவ்வளவு பாக்கி என்பதைவிட நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பதுதான் உங்கள் கைக்கு வருவதைத் தீர்மானிக்கும்.

1985 வரை அந்தப் படிக்கட்டில் தொழிலாளிக்கு ஒரு பொய்யான கௌரவம் இருந்தது. 1956ஆம் வருடக் கம்பெனிச் சட்டத்தின் 530ஆம் பிரிவு, வேலை செய்தவர்களின் சம்பளப் பாக்கியில் நான்கு மாத அளவை ‘முன்னுரிமைக் கடன்’ என்று வைத்திருந்தது. வாசிக்க நன்றாக இருக்கும். ஆனால் நிலத்தையும் இயந்திரத்தையும் அடமானமாக வாங்கியிருக்கும் வங்கி அந்தப் படிக்கட்டிலேயே நிற்காது. அது தன் ஈட்டை விற்று, தன் கடனை எடுத்துக்கொண்டு போய்விடும். மிச்சம் இருந்தால்தான் முன்னுரிமை. ஒரு மில்லில் அடமானம் ஆகாத சொத்து என்ன இருக்கும்? அலுவலக மேசை நாற்காலியும், விற்காமல் கிடக்கும் கழிவுப் பஞ்சும்தான்.

தொழிலாளிக்கு இந்த நடவடிக்கையில் வாய் திறக்க இடம் உண்டா என்பதே அப்போது கேள்வியாக இருந்தது. அந்தக் கேள்வியை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனது ஒரு ஜவுளித் தொழிலாளர் சங்கம்தான். 1983ஆம் வருடச் சட்ட அறிக்கைகளில் வெளிவந்த அந்தத் தீர்ப்பில், ஐந்து நீதிபதிகளில் பெரும்பான்மையினர், நிறுவனத்தைக் கலைக்கும் மனு விசாரணையில் தொழிலாளரும் தம் தரப்பைச் சொல்லலாம் என்றார்கள். இரண்டு வருடம் கழித்து, 1985இல், பாராளுமன்றம் அதைவிடப் பெரிய ஒன்றைச் செய்தது. 529ஆம் பிரிவில் ஒரு நிபந்தனையைச் சேர்த்து, 529ஏ என்ற புதிய பிரிவையும் எழுதியது. வங்கியின் அடமானம் ஒவ்வொன்றின் மேலும் தொழிலாளிக்கும் சரிசமமான ஒரு பிடிப்பு இருப்பதாக அது வைத்துக்கொண்டது. அடமானப் பத்திரத்தில் தொழிலாளியின் பெயர் இருக்காது. ஆனாலும் இருக்கிறது என்றே கருத வேண்டும்.

அந்தப் பிடிப்பு எவ்வளவு என்பதற்குச் சட்டமே ஒரு கணக்கைப் போட்டுக் காட்டியது. ஈட்டின் மதிப்பு 1 லட்சம். தொழிலாளர் பாக்கி 1 லட்சம். ஈடு பெற்றவர்களின் கடன் 3 லட்சம். இரண்டு பாக்கியும் சேர்ந்து 4 லட்சம். அதில் தொழிலாளர் பங்கு நாலில் ஒன்று. ஆகவே அந்த ஈட்டிலும் நாலில் ஒன்று, 25,000 ரூபாய், அவர்களுடையது. எட்டாம் வகுப்புப் பையன் போடக்கூடிய கணக்கு. சங்கத் தோழர்களுக்கு நான் இதைக் கரும்பலகை இல்லாமல், ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். வங்கியின் பணத்தில் நமக்கு எப்படி சார் பங்கு என்று கேட்டார் ஒருவர். வங்கியின் பணம் இல்லை, வங்கியும் நீங்களும் சேர்ந்து போட்டதில் மிஞ்சியது என்று சொன்னேன். இன்றைக்கும் அந்தப் பிரிவை விளக்க எனக்கு வேறு வாசகம் கிடைக்கவில்லை.

எங்கள் மில்லின் கணக்கை முழு எண்ணாக்கிச் சொல்கிறேன். சுமார் 400 தொழிலாளர்; சம்பளப் பாக்கியும், தொழில் தகராறுச் சட்டப்படி மூடலுக்கான இழப்பீடும் சேர்த்து ஆளுக்குச் சராசரி 50,000 ரூபாய்; ஆக 2 கோடி. வங்கிக்கும் நிதி நிறுவனத்துக்கும் 8 கோடி. கிராஜுவிட்டிக்கும் பிராவிடண்ட் ஃபண்டுக்கும் வேறு சட்டங்களும் வேறு தகராறுகளும் உண்டு. அவற்றை இங்கே சேர்க்கவில்லை. நிலமும் கட்டடமும் இயந்திரமும் விற்றதில், காவலாளி சம்பளம், மதிப்பீட்டாளர் கட்டணம், ஏல விளம்பரம் என்று கலைப்புச் செலவை முதலில் எடுத்ததுபோக நின்றது 5 கோடி. 10 கோடிப் பாக்கிக்கு 5 கோடி. ரூபாய்க்கு 50 பைசா. தொழிலாளருக்கு 1 கோடி, கடன் கொடுத்தவர்களுக்கு 4 கோடி. 1985க்கு முன்பாக இருந்திருந்தால் அந்த 5 கோடியும் வங்கிக்குப் போயிருக்கும்.

விற்பனைக்கே நான்கு வருடம் பிடித்தது. நீதிமன்றத்தோடு இணைந்த அரசு அதிகாரியான லிக்விடேட்டர் மில்லுக்குப் போய்ப் பூட்டில் அரக்கு முத்திரை வைத்தார். ஒவ்வொரு ரிங் பிரேமையும் எண்ணிப் பட்டியல் எடுத்தார்கள். அடிமட்ட விலை நிர்ணயித்து, மூடிய உறையில் டெண்டர் வாங்கி, நீதிமன்றத்திலேயே ஏலதாரர்களை ஒருவருக்கொருவர் விலை ஏற்றச் சொன்னார் நீதிபதி. நூல் ஓடிய பிரேம்கள் அதற்குள் எடைக்குப் போகும் இரும்பாகியிருந்தன. நிலம்தான் விலை போனது.

இந்த 50 பைசாவுக்காகத்தான் அடுத்த சண்டை. தொழிலாளர் பாக்கி எவ்வளவு என்று முடிவானால்தான் பங்கு முடிவாகும். ஒரே பாத்திரத்திலிருந்து எடுப்பதால், பட்டியலில் ஒரு பெயர் ஏறினால் மற்ற எல்லோருக்கும் ஒரு துளி குறையும். வங்கியின் வக்கீல் 400 பேரின் சம்பளத்தையும் இழப்பீட்டையும் எதிர்க்கவில்லை; எதிர்த்தால் செல்லாது என்று அவருக்குத் தெரியும். பட்டியலின் கடைசியில் இருந்த 11 பேர்மேல்தான் அவர் கை வைத்தார். அவர்கள் சூப்பர்வைசர்கள். அதில் ஒருவர்தான் நான் சொன்ன மேஸ்திரி.

529ஏ பிரிவின் சலுகை ‘ஒர்க்மேன்’ என்ற சொல்லுக்குள் வருகிறவர்களுக்கு மட்டும். அந்தச் சொல்லுக்குப் பொருள் கம்பெனிச் சட்டத்தில் இருக்கவில்லை. 1947ஆம் வருடத் தொழில் தகராறுச் சட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. அங்கே, மேற்பார்வை வேலையில் இருந்துகொண்டு மாதம் 1,600 ரூபாய்க்கு மேல் வாங்குகிறவர் தொழிலாளி இல்லை என்று இருந்தது. அந்த 1,600 ரூபாய் 1984இல் வந்த வரம்பு. அதை 10,000 ஆக்கியது 2010இல்தான். இடையிலிருந்த இருபத்தைந்து வருடத்தில் விலைவாசி எவ்வளவு ஏறியது என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் மேஸ்திரிக்கு மில் நின்றபோது சம்பளம் 2,400 ரூபாய். ஆகவே வரம்பு அவரைக் காப்பாற்றாது. அவர் செய்தது மேற்பார்வை வேலை இல்லை என்று நிரூபித்தால்தான் உண்டு.

அவர் பதினேழு வயதில் டாஃபராகச் சேர்ந்தவர். நிறைந்த கண்டுகளைக் கழற்றிக் காலிக் கண்டு மாட்டும் வேலை. பிறகு பிரேமில் அறுந்த நூலை இணைக்கும் சைடர். பிறகு மேஸ்திரி. மொத்தம் 28 வருடம். கடைசி மூன்று வருடம் மட்டும் அடையாள அட்டையில் ‘சூப்பர்வைசர்’ என்று போட்டிருந்தார்கள். சம்பளம் 200 ரூபாய் கூடியது. சங்கத்தில் சந்தா கட்டுவதை நிறுத்திக்கொண்டார், நிறுத்தும்படி நிர்வாகம் சொன்னதால். தொழிலாளி என்று ஏற்றுக்கொண்டால் அவருக்கு ஏழு மாதச் சம்பளப் பாக்கி 16,800, வருடத்துக்குப் பதினைந்து நாள் வீதம் இழப்பீடு 33,600, ஆக 50,400 ரூபாய் பாக்கி. அதில் பாதி, 25,200 கைக்கு வரும்.

தொழிலாளி இல்லை என்றால்? அப்போது 530ஆம் பிரிவின் பழைய முன்னுரிமைப் படி. வருமான வரி, விற்பனை வரி பாக்கிகளோடு சேர்ந்து நிற்க வேண்டும். அங்கேயும் ஒரு பொறி இருந்தது. கலைப்பு உத்தரவுக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்துக்குள் செய்த வேலைக்கு, அதிலும் நான்கு மாதத்துக்கு மேற்படாமல், அரசு அறிவித்த ஒரு உச்சவரம்புக்குள்தான் அந்த முன்னுரிமை. எங்கள் மில் 1994இல் நின்றுவிட்டது. நலிந்த ஆலைகளைப் பார்க்கும் பி.ஐ.எஃப்.ஆர். வாரியத்தின் முன் மறுசீரமைப்புத் திட்டம் பேசியே வருடங்கள் போயின; இது தேறாது என்று வாரியம் உயர் நீதிமன்றத்துக்கு எழுதி, உத்தரவு வந்தது 1998இல். அதற்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் அந்த மில்லில் யாரும் எந்த வேலையும் செய்யவில்லை. சங்கு ஊதியே மூன்று வருடமாகியிருந்தது. ஆகவே அவருடைய சம்பளத்தில் ஒரு ரூபாய்கூட முன்னுரிமைக்குள் வராது. மில்லைக் காப்பாற்றத்தான் வாரியம் இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது; அந்தக் காலமே அவருடைய பாக்கியைக் கீழ்ப்படிக்குத் தள்ளியது. பன்னிரண்டு மாதத்தை எந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுகிறார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்று அதன் பிறகு வந்த ஒவ்வொரு ஜூனியருக்கும் நான் சொல்லியிருக்கிறேன்.

கீழ்ப்படியில் அவரோடு யார் நின்றார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பஞ்சு அனுப்பிய வியாபாரிகள், உதிரி பாகம் விற்ற கடைக்காரர்கள், கூடுதல் வட்டிக்காக மில்லில் டெபாசிட் போட்ட ஊர்க்காரர்கள். நம் பக்கத்து மில் முதலாளிகளிடம் டெபாசிட் போடுவது வங்கியில் போடுவதைப் போலவே பாதுகாப்பு என்று ஒரு தலைமுறை நம்பியது. கைவசம் ரசீது மட்டும் இருந்தது, ஈடு இல்லை. அவர்களுக்கு ஒன்றும் வரவில்லை. அவர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஒவ்வொரு விசாரணைக்கும் ரசீதை பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துவந்தார். அவருக்கு நான் வக்கீல் இல்லை. ஆனாலும் படிக்கட்டு எப்படிப் போகிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து விளக்கினேன். கேட்டுக்கொண்டார். அடுத்த விசாரணைக்கு வரவில்லை.

இனி அந்தக் கையெழுத்து. லிக்விடேட்டர் பாக்கிகளைக் கேட்டு விளம்பரம் கொடுத்ததும், ஒவ்வொருவரும் தன் பாக்கியைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். 400 பேரைத் தனித்தனியாகச் சென்னைக்கு அனுப்ப முடியாது. 1959ஆம் வருடக் கம்பெனி நீதிமன்ற விதிகளில் இதற்கு ஒரு நல்ல வழி இருந்தது. கூலிப் பாக்கிகள் நிறைய இருந்தால், ஃபோர்மேனோ வேறு யாராவது ஒருவரோ எல்லோர் சார்பிலும் ஒரே பத்திரம் தாக்கல் செய்து, பெயரும் தொகையும் போட்ட பட்டியலை இணைத்தால் போதும். ஃபோர்மேன் என்று படித்ததும் எனக்கு மேஸ்திரி நினைவு வந்தார். எல்லோருடைய டோக்கன் எண்ணும் அவருக்கு மனப்பாடம். யார் எந்த ஷிஃப்ட், யார் எப்போது சேர்ந்தார், யார் இறந்துபோய் அவர் மனைவி எந்த ஊருக்குப் போய்விட்டார் என்பது வரை தெரியும். சேரன் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கி, என் அறையில் இரண்டு நாள் உட்கார்ந்து பட்டியல் முழுவதையும் அவர் சொல்லித்தான் எழுதினோம்.

பத்திரத்தின் முதல் பத்தியில் தாக்கல் செய்பவரின் பெயர், வயது, வேலை எழுத வேண்டும். அவர் அடையாள அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். அதில் இருந்ததைப் பார்த்து, ஸ்பின்னிங் சூப்பர்வைசர் என்று நானே சொல்லி டைப் செய்ய வைத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பக்கத்தின் கீழும் முழுப் பெயரையும் எழுதி, கடைசியில் கோடு இழுத்தார். பதவி உயர்வு வந்தபோது பழகிக்கொண்ட கையெழுத்தாம். அதுவரை டோக்கன் புத்தகத்தில் முதல் எழுத்து மட்டும் போட்டிருக்கிறார்.

பாக்கிகளைச் சரிபார்க்க லிக்விடேட்டர் வைத்த ஆடிட்டர், 11 பேரின் பெயருக்கும் நேராக ‘தொழிலாளி அல்லர்’ என்று எழுதினார். லிக்விடேட்டர் நிராகரித்து நோட்டீஸ் அனுப்பினார். அதிலிருந்து 21 நாளுக்குள் நீதிபதியிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும், செய்தோம்.

அப்போது சங்கத்துக்குள் ஒரு முணுமுணுப்பு வந்தது. சந்தாவை நிறுத்திக்கொண்டு போனவர்களுக்காக நம் பங்கைக் குறைப்பானேன் என்று சிலர். நான் கணக்குப் போட்டேன். 11 பேரின் பாக்கி 5.5 லட்சம். அதைச் சேர்த்தால் மொத்தப் பாக்கி 10 கோடியே 5.5 லட்சம், ரூபாய்க்கு 50 பைசா என்பது 49.7 பைசா ஆகும். 50,000 ரூபாய் பாக்கி உள்ள தொழிலாளிக்கு 140 ரூபாய்கூடக் குறையாது. வங்கிக்குத்தான் 2 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல் குறையும். எண்களைச் சொன்னதும் முணுமுணுப்பு நின்றது. டோக்கன் எண்ணை எல்லாம் யார் சொன்னது என்று ஒரு பெரியவர் கேட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே வரவில்லை.

நீதிமன்றத்தில் என் வாதம் ஒரே வரியில் அடங்கும்: பதவிப் பெயரைப் பார்க்காதீர்கள், வேலையைப் பாருங்கள். பத்திரிகை அலுவலக ஊழியர் ஒருவர் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன அளவுகோல் அதுதான். ஒருவர் இரண்டு வகை வேலையும் செய்தால், முதன்மையான வேலை எதுவோ அதுவே அவருடைய நிலை. எங்கள் மேஸ்திரி சாட்சிக் கூண்டில் ஏறி, நூல் அறுந்தால் தானும் குனிந்து இணைத்ததைச் சொன்னார். விரலைக் காட்டினார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தோல் காய்த்துப் பளபளப்பாக இருந்தது. நீதிபதி எழுந்து எட்டிப் பார்த்தார்.

வங்கி வக்கீல் சத்தமே போடவில்லை. மில் அலுவலக அலமாரியிலிருந்து லிக்விடேட்டர் எடுத்த ஒரு கட்டைக் கேட்டு வாங்கினார். லீவு சீட்டுகள். 37 இருந்தன. ஒவ்வொன்றிலும் ‘அனுமதி’ என்று எழுதி, முழுப் பெயர், கீழே கோடு. இது யாருடையது என்று கேட்டார்.

“கையெழுத்து நம்மளுதுதானுங்க” என்றார் மேஸ்திரி.

“லீவு கொடுக்க, மறுக்க உங்களுக்கு அதிகாரம் இருந்ததா?”

“நான் எழுதுனா ஆபீசுல மறுக்க மாட்டாங்க சார்.”

அதைச் சொன்னபோது அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது. பொய் சொல்லத் தெரியாத மனிதர். சொல்லும்படி நானும் கேட்டிருக்க மாட்டேன். பிறகு வங்கி வக்கீல் எங்கள் பிரமாணப் பத்திரத்தின் முதல் பத்தியைப் படித்தார். ஸ்பின்னிங் சூப்பர்வைசர். உங்கள் சத்தியமா இது? ஆமாங்க.

விதியே ஃபோர்மேனைத் தொழிலாளர் கூட்டத்தில் ஒருவராகத்தானே நினைக்கிறது என்று நான் எழுந்து சொன்னேன். அந்த விதி யார் பத்திரம் தாக்கல் செய்யலாம் என்பதை மட்டும் சொல்கிறது, அவர் எந்தப் படியில் நிற்பார் என்று சொல்லவில்லை என்றார் நீதிபதி. அது சரியான பதில். வருத்தமாக இருந்தாலும் சரியான பதில்தான்.

தீர்ப்பு 11 பேரில் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டது. அவர்கள் கழிவுப் பஞ்சுக் கிடங்கில் எடை போட்டுக் குறித்தவர்கள். பெயருக்குத்தான் சூப்பர்வைசர், யாருக்கும் லீவு எழுதவில்லை, யார்மேலும் புகார் எழுதவில்லை. ஷிஃப்டுக்கு ஆள் ஒதுக்கியவர்கள், லீவு அனுமதித்தவர்கள் எட்டுப் பேர் வெளியே. மேஸ்திரி அந்த எட்டில் ஒருவர். நூல் இணைத்தது உண்மைதான், ஆனால் அது அவருடைய முக்கிய வேலைக்குத் துணையாகச் செய்தது என்று எழுதியிருந்தார் நீதிபதி. 25 வருடம் இணைத்தது கணக்கில் வராது. மில் நின்ற நாளில் அவர் என்னவாக இருந்தார் என்பதுதான் கணக்கு. அந்த 200 ரூபாய் உயர்வு வராமலே இருந்திருந்தால் அவருக்குச் சுமார் 23,000 கிடைத்திருக்கும்.

இதில் என் பங்கு என்ன என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பத்திரத்தில் ‘மேஸ்திரி’ என்று எழுதியிருக்கலாம். மில்லில் அவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், அதுவும் உண்மைதான். வேறு ஒருவரை வைத்துத் தாக்கல் செய்திருக்கலாம். முக்கியமாக, பதவியைக் கேட்பதற்கு முன் காலை ஷிஃப்டுக்குப் போனதும் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். லீவு சீட்டுகள் எப்படியும் வெளியே வந்திருக்கும் என்று நண்பர்கள் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் சீட்டுகள் தனியாக வந்திருந்தால், வருடத்துக்குப் பன்னிரண்டு பதின்மூன்று சீட்டு எழுதுவதா ஒருவரின் முதன்மை வேலை என்று கேட்டு மோதிப் பார்த்திருப்பேன். அவருடைய சத்தியத்தோடு சேர்ந்து வந்தபோது எனக்கு அந்த இடம் இல்லை.

இரண்டு நீதிபதிகள் கொண்ட அமர்வுக்கு மேல்முறையீடு செய்யலாம் என்று அவரிடம் சொன்னேன். நாங்கள் போனால் சேர்த்துக்கொண்ட மூன்று பேருக்கு எதிராக வங்கியும் போகும், பட்டுவாடாவை நிறுத்தச் சொல்லிக் கேட்கும் என்பதையும் சொன்னேன். தகராறில் உள்ள தொகையை மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டு மற்றவர்களுக்குக் கொடுக்கும்படி கேட்கலாம், பெரும்பாலும் கிடைக்கும் என்றும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. “பெரும்பாலும்னா உறுதி இல்லீங்களே சார். நானூறு குடும்பமுங்க. பத்து வருசமாச்சுங்க. வேண்டாம், விட்ருங்க” என்றார். மற்ற ஏழு பேரிடமும் அவரே பேசினார்.

இன்று அவர் நிலை என்னவாக இருக்கும்? 2016இல் வந்த திவால் சட்டத்தின் 53ஆம் பிரிவு படிக்கட்டை மாற்றி எழுதியிருக்கிறது. முதலில் நடவடிக்கைச் செலவு. அடுத்த படியில், ஈட்டை விட்டுக்கொடுத்த வங்கியும் தொழிலாளரும் சரிசமம். ஆனால் தொழிலாளர் பாக்கியில் கடைசி 24 மாதத்துக்குரியது மட்டும். அதற்கடுத்த படியில், தொழிலாளி என்ற சொல்லுக்குள் வராத மற்ற ஊழியர்கள், கடைசி 12 மாதத்துக்கு. அரசின் வரி அதற்கும் கீழே போய்விட்டது. பிராவிடண்ட் ஃபண்டு, கிராஜுவிட்டி, பென்ஷன் நிதித் தொகைகள் பங்குபோடும் சொத்துக்கு வெளியே நிற்கின்றன. மேஸ்திரிக்குத் தனியாக ஒரு படி கிடைத்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் பணம் இரண்டாம் படியிலேயே தீர்ந்துபோகும் இடத்தில் மூன்றாம் படிக்கு மதிப்பு இல்லை. மாதங்களைப் பின்னோக்கி எண்ணும் அதே முறைக்குள் இப்போது தொழிலாளியும் வந்துவிட்டான். மில் நின்று மூன்று வருடம் கழித்து கலைப்பு தொடங்கினால் அவனுக்கும் அந்தப் பொறிதான். புதிய சட்டம் காலக்கெடு வைத்து வேகமாக நடத்தச் சொல்வதால் அப்படி ஆகாது என்பது அதை எழுதியவர்களின் எண்ணம். தொழிலாளருக்கு இருந்த பழைய சமப் பிடிப்பு இந்தச் சட்டத்தின் கீழ் நடக்கும் கலைப்புக்குப் பொருந்தாது என்று வைத்ததை எதிர்த்த வழக்கை 2023இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அந்தத் தீர்ப்பைப் படித்த அன்று காலண்டர் தாளில் போட்ட நாலில் ஒரு பங்கு கணக்குதான் என் கண்முன் நின்றது.

பட்டுவாடா சங்க அலுவலகத்தில் நடந்தது. லிக்விடேட்டர் அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் காசோலைக் கட்டோடு வந்திருந்தார்கள். நானும் போயிருந்தேன். வாங்குகிறவர் பட்டியலில் உள்ள ஆள்தான் என்று, தெரிந்த ஒருவர் அடையாளம் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். பத்து வருடத்தில் முகங்கள் மாறியிருந்தன. நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்து, வாரிசுகள் வந்திருந்தார்கள். சங்கச் செயலாளரே பலரை அடையாளம் தெரியாமல் திணறினார். அப்போது வாசலில் நின்றிருந்த மேஸ்திரியை யாரோ கூப்பிட்டார்கள். அவர் உள்ளே வந்து, மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அன்றும் மறுநாளும் வந்த ஒவ்வொருவரையும் பார்த்து டோக்கன் எண்ணைச் சொல்லி, ரசீதின் ஓரத்தில் சாட்சி என்ற இடத்தில் முழுப் பெயரையும் எழுதி, கீழே கோடு இழுத்தார்.